தெரியாத குறியை ஊகிக்கிறதா, கேட்கிறதா?

போன வருஷம் ஓ.எல் எழுத இருந்த ஒரு தங்கச்சி, பசறைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து, இரவு எட்டரை மணிக்கு எங்கட வட்ஸ்அப் குழுவுக்கு ஒரு போட்டோ அனுப்பினா. மாதிரி வினாத்தாளில் ஒரே ஒரு வரி. அப்பா வேலை முடிஞ்சு வந்த பிறகுதான் போன் கையில் கிடைக்கும். லயத்து விளக்கு வெளிச்சத்தில், நாலாக மடிச்ச தாளை விரிச்சு எடுத்த படம். கீழே "அக்கா (i) எனக்குத் தெரியும், (ii) மட்டும் செஞ்சு தாங்க" என்று எழுதியிருந்தா.

(ii) இப்படி இருந்தது: x² − 5x, அதுக்குப் பிறகு தாளின் மடிப்பு, மடிப்புக்கு அந்தப் பக்கம் 6 = 0. சமன்பாட்டைத் தீர்க்க.

மடிப்புக்குள் இருந்தது கூட்டலா கழித்தலா என்று தெரியவில்லை. நான் ரெண்டு நொடிகூட யோசிக்கவில்லை. x² − 5x + 6 = 0 என்பது பாடப் புத்தகம், டியூட், கரும்பலகை என்று எல்லா இடத்திலும் கண்ட சமன்பாடு. ரெண்டும் மூன்றும் கூட்டினால் ஐந்து, பெருக்கினால் ஆறு. (x − 2)(x − 3) = 0, ஆகவே x = 2 அல்லது x = 3 என்று அழகாக எழுதிப் படம் பிடித்து அனுப்பினேன். "தேங்ஸ் அக்கா" என்று பதில் வந்தது. அன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்த சந்தோஷத்தில் தூங்கினேன்.

தாளில் இருந்தது கழித்தல். x² − 5x − 6 = 0. காரணிப்படுத்தினால் (x − 6)(x + 1) = 0, தீர்வுகள் 6, −1. ஒரு வாரம் கழித்து அந்தத் தங்கச்சியை நேரில் பார்த்தபோதுதான் இது தெரிய வந்தது. ஆனால் என்னை உலுக்கியது வேறொன்று. அவவுடைய கொப்பியில் 6, −1 என்று முதலிலேயே எழுதி, அதன் மேலே கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் என் விடையை எழுதி வைத்திருந்தா. சரியாகத்தான் செய்திருக்கிறா. சரி பார்க்கத்தான் எனக்கு அனுப்பியிருக்கிறா. கெம்பஸ் போகிற அக்கா சொன்னதால தன்னுடைய சரியான விடையை வெட்டியிருக்கிறா.

இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்தக் கோடுதான். எங்களில் நிறையப் பேர் இப்போது இந்த வேலையைச் செய்கிறோம். ஊரில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் குறைவு, டவுனில் டியூஷனுக்குப் போகப் பஸ் காசு, நேரம் ரெண்டும் இல்லை. அதனால் படம் வருகிறது, நாங்கள் விடை அனுப்புகிறோம். நானே கலைப்பீடம், கணிதம் ஓ.எல்லோடு நின்றது. பிழை வரும்தான். ஆனால் அன்றைக்கு எனக்குக் காரணிப்படுத்தத் தெரியாமல் பிழை வரவில்லை. கேள்வி என்னவென்று தெரியாமலே, தெரிந்த மாதிரி விடை சொன்னதால் வந்தது. அந்தப் பிழையைப் பார்க்கிறவருக்குக் கண்டுபிடிக்கவே முடியாது. செய்கை ஒவ்வொரு படியும் சரி. கேள்விதான் வேறு.

என் வாதம் இதுதான்: படத்தில் வந்த கேள்வியை ரெண்டு விதமாக வாசிக்க முடிந்து, ரெண்டுக்கும் வேறு வேறு விடை வந்து, அதைத் தீர்க்கத் தாளில் வேறு தடயமும் இல்லையென்றால், ஒரு விடையை மட்டும் அனுப்ப எங்களுக்கு உரிமை இல்லை. "இந்த இடம் சந்தேகம்" என்று குறித்துத்தான் அனுப்ப வேண்டும். இந்த மூன்று நிபந்தனையும் சேர்ந்து வந்தால் மட்டும்தான். ஏன் 'மட்டும்' என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலாவது, ரெண்டு வாசிப்பு. சும்மா "படம் தெளிவில்லை" என்று தோன்றுவது போதாது. ரெண்டு வாசிப்பையும் முழு வரியாக எழுதிக் காட்ட முடிய வேண்டும். என் விஷயத்தில் முடிந்திருக்கும்: + 6 ஒன்று, − 6 மற்றது. எழுதிப் பார்த்திருந்தால், ரெண்டுமே நேர்த்தியாகக் காரணிப்படும் என்பது அப்போதே கண்ணில் பட்டிருக்கும். "விடை முழு எண்ணாக வருகிறதே, அப்போ என் வாசிப்பு சரிதான்" என்று நாங்கள் வழமையாகச் சொல்லிக் கொள்ளும் சமாதானம் இங்கே உடைந்து போகிறது. ரெண்டாவது வாசிப்பு ஒன்றை எழுதவே முடியாவிட்டால், படம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் குறிக்க எதுவும் இல்லை. விடையைச் சொல்லிவிட்டுப் போகலாம்.

ரெண்டாவது, விடை மாறுகிறதா? கடைக்காரர் பெயர் நிமலா விமலா என்று தெரியாவிட்டால் இலாப வீதம் மாறாது. ஆனால் வரலாற்றுத் தாளில் எனக்கு வந்த இன்னொரு படத்தைப் பாருங்கள். "197" தெரிகிறது, கடைசி இலக்கம் மையில் ஊறிப் போய் 2 மாதிரியும் இருக்கு, 8 மாதிரியும் இருக்கு. "ஆம் ஆண்டு அரசியல் யாப்பின் சிறப்பியல்புகள் மூன்று தருக." வேறு எந்த ஆண்டாக இருந்தாலும் பொது அறிவை வைத்துச் சரிப்படுத்தி விடலாம். 18க்கும் 3க்கும் இடையில் ஒரு இலக்கம் அழிந்து, பக்கத்தில் கோல்புறூக் சீர்திருத்தம் என்று இருந்தால் அது 1833 என்று கண்ணை மூடிக் கொண்டு சொல்வோம். ஆனால் எழுபதுகளில் இந்த நாட்டுக்கு ரெண்டு யாப்பு. 1972இல் முதலாம் குடியரசு யாப்பு, 1978இல் ரெண்டாவது. 1972 என்றால் தேசிய அரசுப் பேரவைக்கு மேலதிகாரம், பெயரளவு ஜனாதிபதி. 1978 என்றால் நிறைவேற்று ஜனாதிபதி, விகிதாசாரப் பிரதிநிதித்துவம். ஒன்றுக்கான விடை மற்றதற்குப் பூச்சியம்.

இங்கே ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கு, அதையும் சொல்ல வேண்டும். ஒற்றையாட்சி, ஒரே சபை கொண்ட சட்டவாக்கம், பௌத்தத்துக்கு முதன்மை இடம்: இந்த மூன்றும் ரெண்டு யாப்பிலும் உண்டு. அந்த மூன்றை மட்டும் எழுதினால் எந்த ஆண்டாக இருந்தாலும் பிழை என்று சொல்ல முடியாது. ஒரு நண்பன் அப்படித்தான் அனுப்புவோம் என்றான். நான் ஒத்துக் கொள்ளவில்லை. மாணவர் கேட்டது அந்த யாப்பை மற்றதிலிருந்து வேறுபடுத்திக் காட்டுகிற விஷயத்தைத்தான். ரெண்டுக்கும் பொருந்துகிற விடை எங்களைக் காப்பாற்றும், படிக்கிற பிள்ளைக்கு உதவாது. இப்படியான விடையை அனுப்பலாம், ஆனால் ஏன் இந்த மூன்றைத் தெரிந்தோம் என்பதையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அதுவும் ஒரு குறிப்புத்தான்.

மூன்றாவது, தாளிலேயே தடயம் இருக்கா? இதில்தான் நான் மோசமாகக் கோட்டை விட்டேன். அந்தத் தங்கச்சியின் முழுத் தாளைப் பிறகு பார்த்தேன். கேள்வியின் தலை இதுதான்: ஒரு செவ்வகத்தின் நீளம் x செ.மீ., அகலம் நீளத்தை விட 5 செ.மீ. குறைவு, பரப்பளவு 6 சதுர செ.மீ. (i) இதிலிருந்து அந்தச் சமன்பாட்டைப் பெறச் சொல்கிறது. (ii) தீர்க்கச் சொல்கிறது. (iii) செவ்வகத்தின் நீளத்தைக் கேட்கிறது.

இதை வைத்து மடிப்புக்குள் என்ன குறி என்று கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும். அகலம் x − 5. பரப்பளவு x(x − 5) = 6. விரித்தால் x² − 5x = 6, ஆறைக் கொண்டு வந்தால் x² − 5x − 6 = 0. கழித்தல்தான், வேறு பேச்சே இல்லை. அதை விட்டாலும், என் விடையான 2, 3 என்பதைப் போட்டுப் பார்த்தால் அகலம் −3, −2 என்று வருகிறது. அப்படி ஒரு செவ்வகம் உலகத்தில் இல்லை. (iii) "நீளத்தைக் காண்க" என்று ஒருமையில் கேட்பதே, ரெண்டு தீர்வில் ஒன்று கழிந்து போகும் என்பதற்கு அடையாளம். இவ்வளவு தடயமும் தாளில் இருந்தது. படத்தில் இல்லை. நான் கேட்டிருக்க வேண்டியது "மடிப்பை நீவி இன்னொரு போட்டோ எடுங்க" என்பதுகூட இல்லை. "கேள்வியின் தலையிலிருந்து அனுப்புங்க" என்பதுதான்.

பல்தேர்வு வினாவில் தடயம் இன்னும் சுலபம் என்று நினைப்போம். விடைகளைப் பார்த்து எந்த வாசிப்பு பொருந்துகிறது என்று தெரிந்து கொள்ளலாம்தானே? சிலவேளை முடியும். ஆனால் வினாத்தாள் தயாரிக்கிறவர்கள் பிழையான தெரிவுகளைச் சும்மா போடுவதில்லை. மாணவர் எங்கே தவறுவார் என்று யோசித்துத்தான் போடுவார்கள். குறியைத் தவற விடுவது மாணவர் செய்கிற முதல் பிழை. ஆகவே − 6க்கு விடை (6, −1) இருக்கிற தாளில், + 6 என்று பிழையாக எடுத்தால் வரும் (2, 3)உம் பெரும்பாலும் ஒரு தெரிவாக இருக்கும். நாங்கள் போட்டோவில் எந்த இடத்தில் தடுமாறுகிறோமோ, அதே இடத்துக்குத்தான் பொறியும் வைத்திருக்கிறார்கள். உங்கள் விடை தெரிவுகளில் இருக்கிறது என்பது சாட்சி இல்லை. மற்ற வாசிப்பின் விடை தெரிவுகளில் இல்லை என்பதுதான் சாட்சி. அதையும் செய்து பார்த்த பிறகுதான் நிச்சயமாகச் சொல்லலாம்.

தமிழ்த் தாளுக்கென்றே இன்னொரு ஆபத்து இருக்கு. எங்கள் மொழியில் எதிர்மறை வசனத்தின் கடைசியில் வருகிறது. "பின்வருவனவற்றுள் சரியானது" என்பதும் "சரியானது அல்லாதது" என்பதும் கடைசிச் சொல் வரும் வரைக்கும் ஒன்றேதான். போட்டோவில் எப்போதும் முதலில் வெட்டுப்படுவது வலது ஓரம். அல்லது பெருவிரல் மறைக்கும். வரி முடிகிற இடத்தில் முற்றுப்புள்ளியோ கேள்விக்குறியோ கண்ணில் படாவிட்டால், வசனம் எவ்வளவு முழுமையாகத் தெரிந்தாலும் நம்ப வேண்டாம். இப்படி ஒரு தரம் நான் தப்பினேன்: நாலு தெரிவில் மூன்று சரியாக வந்தது. ஒரே விடைதான் இருக்க வேண்டிய கேள்வியில் மூன்று சரி என்றால், கேட்டது பிழையான ஒன்றை. வெட்டுப்பட்டது "அல்லாதது".

இதுவரை சொன்னது படத்தின் குறை. தாளே குழப்பமாக இருந்தால்? இதற்கு எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் கடலுக்கு அந்தப் பக்கம் நடந்தது. 2018 மே மாதம் இந்தியாவில் நடந்த நீட் தேர்வில், தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போனது. சீட்டா என்கிற விலங்கு தமிழில் சிறுத்தை என்று வராமல் "சீத்தா" என்று வந்திருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த ஜூலையில், கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண்ணைத் தமிழில் எழுதியவர்களுக்குக் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் சில நாளிலேயே அதற்குத் தடை விதித்து, நவம்பரில் உத்தரவை ரத்துச் செய்தது. மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலப் பிரதியே இறுதியானது என்று தேர்வின் விதியிலேயே இருந்தது. யார் பக்கம் நியாயம் என்பது வேறு கட்டுரை. எனக்கு இதில் உள்ள பாடம் சின்னது. தமிழ் வரி குழம்பினால், அதைத் தீர்க்கிற தடயம் இன்னொரு மொழியின் பிரதியில் இருக்கலாம்.

எங்கள் தாள்களுக்கும் இது பொருந்தும். இங்கேயும் சிங்களத்திலிருந்து பெயர்த்த வரிகள் தமிழ்த் தாளில் வருகின்றன. பதுளைப் பிள்ளைகள், எங்களில் பலர், சிங்களம் வாசிப்போம். சந்தேகம் படத்தில் இல்லை, வசனத்தில்தான் என்று தெரிந்தால், அதே வருஷத்துச் சிங்களத் தாளையோ ஆங்கிலத் தாளையோ தேடி அதே இலக்கக் கேள்வியைப் பார்க்கலாம். அதற்குத் தாளின் தலைப்பும் வருஷமும் வேணும். ஆகவே முதல் போட்டோவிலேயே தாளின் தலைப்பையும் கேட்டு வாங்குவது நல்லது. அதைப் பார்த்தும் தீராவிட்டால், கேள்வியே பிழை என்று சொல்லப் பயப்பட வேண்டாம். உயர்தரத்தின் புள்ளி வழங்கும் திட்டத்திலேயே சில கேள்விகளுக்கு எதிரே ஒன்றுக்கு மேற்பட்ட விடை இலக்கமோ, எல்லாம் சரி என்றோ வந்திருக்கிறது. திணைக்களமே ஒத்துக் கொள்கிறதை நாங்கள் மறைத்து ஒரு விடையை நியாயப்படுத்தி, அதைப் பிள்ளை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இல்லை.

இப்போது 'மட்டும்' என்ற சொல்லுக்கு வருகிறேன். என் பிழைக்குப் பிறகு கொஞ்ச நாள் நான் எல்லாவற்றுக்கும் "படம் தெளிவில்லை, திரும்ப அனுப்புங்க" என்று போட்டேன். ரெண்டு கிழமையில் படம் வருவதே குறைந்து விட்டது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். ரீலோட் போட்டு, அப்பா வரும் வரைக்கும் காத்திருந்து, ஒரு படம் அனுப்பினால், அக்கா திருப்பி அனுப்புகிறா. அடுத்த படம் நாளைக்குத்தான். எல்லாவற்றையும் சந்தேகம் என்று குறித்தால், உண்மையான சந்தேகம் எது என்று பிள்ளைக்குத் தெரியாது. எனக்கு அது பாதுகாப்பு, அவ்வளவுதான்.

அதனால் இப்போது திருப்பி அனுப்புவதில்லை. சந்தேகம் இருந்தாலும் அதே செய்தியில் விடையும் போகும். அந்தச் சமன்பாட்டுக்கு இன்றைக்கு நான் எழுதுவதாக இருந்தால் இப்படி இருக்கும்: "மடிப்பில் 6க்கு முன்னால் இருக்கிற குறி எனக்குத் தெரியவில்லை. + என்றால் விடை 2, 3. − என்றால் விடை 6, −1. ரெண்டு செய்கையும் கீழே இருக்கு. தாளைப் பார்த்து எந்தக் குறி என்று மட்டும் எழுதி அனுப்புங்க." தாள் பிள்ளையின் கையில் இருக்கு. இன்னொரு போட்டோ தேவையே இல்லை, ஒரு எழுத்து டைப் பண்ணினால் போதும். கட்டாயம் படம்தான் வேண்டும் என்றால், பகல் வெளிச்சத்தில், வாசலில் வைத்து, அந்த ஒரு வரியை மட்டும் கிட்டத்தில் எடுத்து, வட்ஸ்அப்பில் 'டொக்கியுமன்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படத்தைச் சுருக்கி விடும், தசமப் புள்ளியும் மெய்யெழுத்துப் புள்ளியும் முதலில் கரைந்து போகும்.

ஒரு அண்ணா என்னோடு வாதாடினார். "பரீட்சை மண்டபத்தில் பிள்ளை யாரிடம் கேட்கும்? ஊகிக்கத்தானே வேணும். நீங்கள் ஏன் கேட்கப் பழக்குறீங்க?" ஓ.எல், ஏ.எல் பல்தேர்வில் பிழை விடைக்குப் புள்ளி கழிப்பதில்லை, ஆகவே மண்டபத்தில் ஒன்றையாவது அடையாளமிட வேண்டும் என்பது உண்மை. நானும் அதைத்தான் சொல்லிக் கொடுப்பேன். கட்டுரை வினா என்றால், "இதை இப்படி விளங்கிக் கொண்டு விடை எழுதுகிறேன்" என்று ஒரு வரி போடச் சொல்வேன். ஆனால் மண்டபத்தில் இருப்பது அச்சடித்த தாள், மடிப்பும் இல்லை, பெருவிரலும் இல்லை. அங்கே ஊகிப்பவர் தன் புள்ளியை வைத்து ஊகிக்கிறார். நான் லயத்து விளக்கில் எடுத்த படத்தைப் பார்த்து ஊகித்தபோது, பந்தயம் வைத்தது இன்னொரு பிள்ளையின் புள்ளியை. அதுவும் அவவுக்குச் சொல்லாமல்.

அந்தத் தங்கச்சியிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவ சிரிச்சிட்டு, "நானும் குறியைப் பார்த்தேன் அக்கா, கழித்தல்தான் இருந்திச்சு. ஆனா நீங்க போட்டதால நான்தான் பிழையாப் பார்க்கிறேன்னு நினைச்சேன்" என்றா. தாள் அவ கையில் இருந்தது. மடிப்பை விரல் வைத்து நீவிப் பார்க்க அவவால் முடியும், என்னால் முடியாது. அன்றைக்கு எங்கள் ரெண்டு பேரில் கேள்வியைச் சரியாக வாசித்தது அவதான். நான் ஒரு வரி சந்தேகம் எழுதியிருந்தால், அந்தக் கோடு விழுந்திருக்காது.